சைபர் அக்காவின் பச்சை ஸ்டிக்கர்

பரீட்சை எழுத வருகிறவர்கள் எங்களை மனுஷர்களாகவே பார்ப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலை ஏழரை மணிக்கு, வயிற்றில் பாதி பயமும் பாதி டீயுமாக வருகிறவர்களிடம் முகமன் எதிர்பார்க்க முடியுமா? பையைக் கொடுப்பார்கள், டோக்கனைப் பிடுங்குவார்கள், போனை அணைத்தோமா இல்லையா என்று மூன்று தரம் திரும்பி வந்து கேட்பார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பை மேஜைதான் எனக்கு உத்தியோகம். சனிக்கிழமைகளில் மட்டும்.

எனக்கு அடுத்த மேஜை சைபர் அக்காவுடையது. மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வருகிறவர்கள் என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு அவளிடம் கால்குலேட்டரைக் கொடுக்க வேண்டும். அவள் பார்த்து, அழித்து, ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால்தான் ஹாலுக்குள் போக முடியும். கட்டிடம் ஒரு பழைய பயிற்சிக் கல்லூரி. மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கணக்கர்களுக்கு ஒரு மாதம், நில அளவையாளர்களுக்கு ஒரு மாதம், மின்சார வேலைக்காரர்களுக்கு ஒரு மாதம் என்று உரிமத் தேர்வுகள் மாறி மாறி அங்கேதான் நடக்கும்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், அவள் ஒரு நாளில் நூறு தடவை சொல்லும் வார்த்தை. "சைபர் காட்டுதா? காட்டுதுல்ல? சரி, போங்க." அழித்து முடித்தால் திரையில் பூஜ்யம், அவள் பாஷையில் சைபர், மட்டும் நிற்கவேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்காமல் ஒருத்தரையும் விடமாட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு வீட்டிலும் ஆள் குறைவு. வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் தரிசனம் தருவார், அதில் மூன்று நாள் தூங்குவார். மாமனாருக்குக் காது கேட்காது. அவர் வைக்கும் ரேடியோ சத்தத்தில் அவளுக்கும் கேட்காமல் போய்விடும் என்று நான் கிண்டல் செய்வேன். மகன் வேறு ஊரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாப்பிட்டியாம்மா?" என்பதற்கு மேல் அவனுக்கும் ஒன்றும் தோன்றாது, இவளுக்கும் தோன்றாது.

"இங்க வந்தாத்தான்டி என்னை மேடம்னு கூப்பிடுறாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக ஒன்பது வருஷம் அவள் ஒரு எழுதுபொருள் கடையில் நின்றவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கால்குலேட்டர்களை விற்றது அவள்தான். அதனால் எந்த மாடலில் எந்தச் சாவி எங்கே இருக்கும் என்பது அவள் விரலுக்கே தெரியும். தேர்வு மையத்தில் கால்குலேட்டருக்குப் பயப்படாத ஆள் வேண்டும் என்று தேடியபோது யாரோ அவளைச் சொல்லிவிட்டார்கள். அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய கதை.

வேலை என்னவோ பார்க்கச் சுலபம்தான். சுவரில் அனுமதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியல் ஒட்டியிருக்கும். நில அளவைத் தேர்வுக்கு எட்டே எட்டு மாடல்கள். அந்த எட்டில் இல்லாதது எதுவானாலும், அது எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், உள்ளே போகக்கூடாது. எழுத்துகளைச் சேமிப்பது, படம் வரைவது, சமன்பாட்டைத் தானே தீர்ப்பது எல்லாம் வெளியே. முதலில் மாடல் எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பிறகு மோட் சாவியை அழுத்தி என்னென்ன வேலை செய்யும் என்ற வரிசையைப் பார்க்கவேண்டும். பிறகு மூடியைக் கழற்றி உள்பக்கம் சூத்திரம் கீத்திரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடைசியாக நினைவை அழிக்கவேண்டும். அதிகம் வருகிற ரகத்துக்கு ஷிஃப்ட், ஒன்பது, மூன்று, சமம், பிறகு ஏசி. ஒன்பதுக்குப் பிறகு ஒன்று அழுத்தினால் அமைப்பு மட்டும் போகும், இரண்டு அழுத்தினால் நினைவு மட்டும் போகும், மூன்று அழுத்தினால்தான் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் ஆகும்.

எல்லாவற்றையும் அழித்தால் அவரவர் போட்டு வைத்திருந்த அமைப்பும் போய்விடும். கோணம் டிகிரிக்குத் திரும்பிவிடும், தசம இடங்கள் பழையபடி ஆகிவிடும். அது தெரியாமல் பாதிப் பரீட்சை தப்பாக எழுதிவிட்டு அழுதவர்கள் உண்டு. அதனால் ஒவ்வொருத்தரிடமும் அக்கா சலிக்காமல் சொல்வாள். "அழிச்சாச்சு. உள்ள போய் உக்காந்ததும் உங்க செட்டிங்கை மறுபடி போட்டுக்கோங்க. அப்புறம் என்னைத் திட்டாதீங்க." திட்டுகிறவர்கள் அப்படியும் திட்டினார்கள்.

எட்டு மாடல்களில் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் தம்பி. பட்டியலில் இல்லாத, அதே குடும்பத்து மாடல் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் அண்ணன். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு, சாவிகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில். தம்பியில் மோட் அழுத்தினால் மூன்று வரி வரும். அண்ணனில் எட்டு வரி வரும். அந்த எட்டில் ஒன்று சமன்பாட்டைத் தீர்த்துவிடும், இன்னொன்று அணிக்கோவைக் கணக்கைப் போட்டுவிடும். நெற்றியில் வலது ஓரமாகப் பொடியெழுத்தில் இருக்கும் எண்தான் பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம். ஒருவன் மூடி இன்னொருவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அழிக்கும் சாவி வரிசைகூட இரண்டுக்கும் ஒன்றுதான்.

அண்ணனைக் கொண்டுவருகிறவர்களைத் தொடங்குவதற்கு முன்னால் பிடித்தால் பெரிய பிரச்சினை இல்லை. "இது ஆகாதுங்க. வேற இருக்கா?" என்று கேட்பாள். இருந்தால் மாற்றிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் கீழே ஓடிப்போய் யாரிடமாவது கெஞ்சி வாங்கி வருவார்கள், அல்லது இல்லாமலே எழுதுவார்கள். கொண்டுவந்தது என்னிடம் பையோடு தங்கிவிடும். தொடங்கின பிறகு பிடித்தால்தான் தலைவலி. கருவியைப் பறிக்கவேண்டும், அறிக்கை எழுதவேண்டும், விடைத்தாள் விசாரணைக் கமிட்டிக்குப் போகும். கமிட்டிக்குப் போன தாள்களில் பாதிக்கு மேல் ரத்தாகிவிடும்.

பார்த்து முடித்ததற்கு அடையாளமாக அக்கா ஒரு பச்சை வட்ட ஸ்டிக்கரில் தன் சுருக்கெழுத்தைப் போட்டு ஒட்டுவாள். கருவியின் உடம்பில் ஒட்டினால் பசை போகமாட்டேன் என்கிறது என்று வாங்கிக் கட்டிக்கொண்டதால், மூடியின் மேல்தான் ஒட்டுவாள். ஒரு தாளில் தேர்வர் எண்ணுக்கு எதிரே கையெழுத்தும் போடுவாள். அதில் இரண்டு கட்டங்கள். முதல் பார்வை, இரண்டாம் பார்வை. இரண்டாம் பார்வை என்னுடையது. அவள் பார்த்ததை நான் ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி.

நான் பார்த்ததில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பை மேஜையில் ஒரு கூட்டமே என்னைச் சுற்றி நிற்கும்போது இதையும் எங்கே பார்ப்பது? முதல் வருஷத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் டீ குடிக்கும்போதே இரண்டாம் கட்டம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவேன். அக்கா முதல் தடவை முகம் சுளித்தாள். "ஏன்டி இப்படிப் பண்றே?" என்றாள். "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதானே அக்கா" என்றேன். அதற்கப்புறம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நில அளவைத் தேர்வு. அறுபத்து மூன்று பேர். லிஃப்ட் வழக்கம்போல் மக்கர். கால்குலேட்டர் பார்க்க வரவேண்டிய இன்னொரு ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. அக்காவுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனைப் பரீட்சை மாதம் முடியட்டும், முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். எட்டே முக்காலுக்கு வரிசை படிக்கட்டு வரை நின்றது. தலைமைக் கண்காணிப்பாளர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் நாங்கள் அவரைக் கடிகாரம் சார் என்போம்.

வரிசையின் கடைசிப் பகுதியில் நீலப்பை வந்தார். ஜிப் அறுந்த நீலப் பையை ஒவ்வொரு தேர்வுக்கும் கொண்டுவருவார், அதனால் அந்தப் பெயர். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷமாக ஒரு நில அளவை அலுவலகத்தில் கருவி தூக்கி, சங்கிலி பிடித்து, வரைபடம் வரைகிறவர். எல்லா வேலையும் செய்வார், கடைசியில் கையெழுத்து மட்டும் வேறொருவர் போடுவார். உரிமம் இல்லாதவர் கையெழுத்துச் செல்லாது. இது அவருக்கு ஐந்தாவது தடவை. ஐந்துக்கு மேல் எழுதவிடமாட்டார்கள். மறுபடி இரண்டு வருஷம் பயிற்சிக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கவேண்டும்.

"இதோட சரிங்க" என்று பையைக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார். "இந்தத் தடவை போனா, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன். வீட்ல சொல்லிட்டேன்."

"பாஸ் பண்ணினாலும் வரமாட்டீங்க, பண்ணலைன்னாலும் வரமாட்டீங்க. எனக்கு ஒரு பை மிச்சம்" என்றேன். சிரித்தார். பாவம், சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அவருடைய கால்குலேட்டர் மூடியில் போன தேர்வில் அக்கா ஒட்டிய பச்சை ஸ்டிக்கர் உரியாமல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். தன் சுருக்கெழுத்து. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அறுபது பேரைப் பார்த்துக் களைத்தவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல் இருந்திருக்கும். மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தாள், சுத்தம். விரல்கள் தானாக ஓடின. ஷிஃப்ட், ஒன்பது, மூன்று, சமம், ஏசி. "சைபர் காட்டுதா? சரி, போங்க." பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியது ஒன்றை ஒட்டினாள். எண்ணைப் பார்க்கவில்லை. மோட் அழுத்தவில்லை. தாளில் அவர் எண்ணுக்கு எதிரே இரண்டாம் கட்டத்தில் என் கையெழுத்து காலையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஒன்பதுக்கு மணி அடித்தது. விதிப்படி எல்லாரும் மூடிகளை நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள். நான் பைகளைப் பூட்டிவிட்டு, கையெழுத்துத் தாளோடு ஹாலின் பின்வரிசை மேஜையில் வந்து உட்கார்ந்தேன். அக்கா நடந்துகொண்டிருந்தாள். அவள் செருப்புக்குச் சத்தமே வராது, அதற்கென்றே ரப்பர் செருப்பு வாங்கி வைத்திருந்தாள்.

ஐம்பது நிமிஷம் போயிருக்கும். நீலப்பை கையைத் தூக்கினார். எனக்குப் பக்கத்து வரிசை என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"மேடம், நீங்க அழிச்சதுல இது கெட்டுப்போச்சு போல."

"என்ன ஆச்சு?"

"ஒரே தூரத்தை ஏழு தடவை அளந்த கணக்கு. சராசரி, விலகல் எடுக்கணும். எப்பவும் மோட் போட்டு ரெண்டு அழுத்தினா வரும். இப்ப வேற ஏதோ வருது. மோட் அழுத்தினா பெரிய லிஸ்ட்டே வருது, பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று வரி வரவேண்டிய இடத்தில் எட்டு வரி. கருவியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து எண்ணைப் படித்தாள். தம்பி இல்லை, அண்ணன்.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் இவர் மேஜைக்கு எதிர் மேஜைக்காரரிடம் அண்ணன் இருந்தது. ஒரே மேஜை விளக்கின் கீழே இருவரும் வேலை செய்து, யாரோ மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இவர் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்துத் தன்னுடையது என்று எடுத்து வந்துவிட்டார். அவர் நம்பியதும் அந்த ஸ்டிக்கரை, அக்கா நம்பியதும் அந்த ஸ்டிக்கரை.

அந்த நேரத்தில் அக்கா "மோட் மூணு அழுத்துங்க" என்று காதோடு சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். அந்த மாடலில் அதற்கு எண் மூன்றுதான், அவளுக்கு அது தூக்கத்திலும் தெரியும். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. ஹாலில் வேறு யாருக்கும் தெரியாது. நான் அவள் அப்படிச் செய்யட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவருக்காக மட்டுமில்லை, அந்த இரண்டாம் கட்டத்துக்காகவும்தான்.

அவள் கருவியை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஐயா, இது உங்களுது இல்லை. இது அனுமதி இல்லாத மாடல்" என்றாள்.

அவர் முகம் வெளிறிப்போனது. "நீங்கதானே மேடம் பார்த்து விட்டீங்க?"

"ஆமா. நான்தான் விட்டேன்."

அவருடைய விடைத்தாளை வாங்கி, எழுதின கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, ஒன்பது ஐம்பத்திரண்டு என்று நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "எதுவும் யோசிக்காதீங்க. கணக்கு இல்லாத கேள்வி ஏதாவது இருந்தா அதை எழுதிட்டு இருங்க. இதோ வரேன்." அவர் கையில் பேனா இருந்தது. எழுதவில்லை.

கடிகாரம் சார் பின்வரிசைக்கு, என் மேஜைக்கே வந்துவிட்டார். கருவியை வாங்கி அழுத்தப் போனார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "தொடாதீங்க சார். உள்ள என்ன இருக்கோ அது அப்படியே கமிட்டிக்குப் போகணும்." உறையில் போட்டு ஒட்டினாள்.

"சரி. அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக.

"நடந்ததை."

"இங்க பாருங்கம்மா. கருவி சரியா இருக்கிறது தேர்வரோட பொறுப்புன்னு உறுதிமொழியில அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். பழைய ஸ்டிக்கர் ஒட்டின மூடியில வேற மாடலைக் கொண்டுவந்தார்னு எழுதுங்க. அது பொய் இல்லையே? உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது, மையத்துக்கும் ஒண்ணும் ஆகாது."

"அவருக்கு?"

"அவருக்குக் கமிட்டி பார்த்துக்கும்."

அக்கா மேஜை இழுப்பறையில் இருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் தேடவில்லை, நேராகப் போய் நின்றாள். தேர்வரின் பிழை என்றால் கருவி இல்லாமலே தொடரவேண்டும். மையத்தின் பிழை என்றால் அலமாரியில் சீல் வைத்த மாற்றுக் கருவியைக் கொடுக்கலாம், போன நேரத்தைத் திருப்பித் தரலாம், கோட்டுக்கு மேலே எழுதியதையும் கமிட்டி ஏற்கலாம். ஆனால் பிழை செய்த அலுவலர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

"ஒப்புக்கிட்டா உங்களை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க" என்றார் கடிகாரம். "இருபத்திரண்டு வருஷம்மா."

"தெரியும் சார். அலமாரிச் சாவியைக் கொடுங்க. அவருக்கு நேரம் போயிட்டிருக்கு."

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "நானும் பார்க்கலை சார்" என்று மூன்று வார்த்தை சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. மேஜையின் மேல் அந்தத் தாள் என் பக்கமாகவே கிடந்தது, என் கையெழுத்து வரிசையாக, அழகாக.

மாற்றுக் கருவி வந்தது. தம்பிதான். சீலை அவர் முன்னாலேயே உடைத்து, எண்ணைச் சத்தமாகப் படித்து, மோட் அழுத்தி மூன்று வரியைக் காட்டி, அழித்து, "சைபர் காட்டுதா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். பதினாலு நிமிஷம் கூடுதல் என்று அவர் தாளின் மேலே எழுதினாள். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் அந்தப் பதினாலு நிமிஷத்தையும் விடாமல் எழுதினார். அக்கா அவர் மேஜைக்குச் சற்றுத் தள்ளி நின்று காத்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் கால் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்று படி இறங்கும்போது சொன்னாள்.

மூன்று வாரத்தில் அவளுக்குக் கடிதம் வந்தது. நன்றி தெரிவித்துத் தொடங்கி, இனிச் சேவை தேவையில்லை என்று முடிந்தது. எனக்கும் ஒரு கடிதம் வரும் என்று தினமும் தபால் பெட்டியைப் பார்த்தேன். வந்தது. அடுத்த தேர்விலிருந்து கால்குலேட்டர் சோதனைக்கு முதல் பார்வையாளராக என்னை நியமித்திருந்தார்கள். அனுபவத்தைக் கருதி என்று போட்டிருந்தது.

முடிவு வந்து கொஞ்ச நாளில் நீலப்பை மையத்துக்கு வந்தார், அதே பையோடு. அவருடைய தாளைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. தேறுவதற்கு வேண்டியதைவிட மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கித் தேறியிருந்தார். அக்காவைத் தேடினார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டவரிடம் காரணத்தைச் சொல்லவேண்டி வந்தது. அவர் நீலப் பையை மேஜைமேல் வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு சுருட்டிய தாளை எடுத்தார். ஒரு வீட்டு மனையின் வரைபட நகல். கீழே வலது மூலையில் அவர் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும்.

"நான் கையெழுத்துப் போட்ட முதல் படம். மேடத்துக்குக் கொடுத்துடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே கொண்டுபோனேன். ரேடியோ சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அக்கா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தை மூலைமூலையாகப் பார்த்தாள். எல்லைக் கோடுகளின் நீளங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். கடைசியாகக் கையெழுத்துக்கு வந்தாள்.

"நல்ல கையெழுத்து" என்றாள். "ஒவ்வொண்ணையும் பார்த்துட்டுத்தான் போட்டிருப்பார்."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. ஆனாலும் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "அக்கா, அந்த அறிக்கையில என் கையெழுத்தைப் பத்தி என்ன எழுதினே? என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலையே."

அவள் மாமனாரின் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள், என்னவோ அவர் காதில் விழுந்துவிடும்போல.

"இரண்டாம் பார்வைக் கட்டத்தில முன்னாடியே கையெழுத்து வாங்கி வைக்கிறது என் பழக்கம், அவங்க மேல தப்பில்லைன்னு எழுதினேன்."

"அது பொய்க்கா. நான்ல ஆரம்பிச்சேன்?"

"பொய்தான்." படத்தை மெல்லச் சுருட்டினாள். "அந்தத் தாள்ல நான் எழுதின மத்ததெல்லாம் நிஜம். ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். எனக்கு எப்படியும் போச்சு. ரெண்டு பேரும் போய் வீட்ல உக்காந்து என்ன பண்றது? அடுத்து வர்றவங்களுக்கு யாராவது பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும்ல."

எனக்குப் பார்க்கத் தெரியாது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். கமிட்டிக்கு உண்மையை எழுதவேண்டும் என்று நான்கு தடவை தாள் எடுத்தேன். இரண்டு தடவை முழுசாக எழுதியும் முடித்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பேனா நிற்கிறது.

போன சனிக்கிழமை கணக்கர் தேர்வு. எனக்கு இரண்டாம் பார்வையாக ஒரு வயதான பள்ளிக்கூட வாத்தியார் வந்திருந்தார். டீ டம்ளரோடு வந்து தாளைப் பார்த்தார். "ரொம்பப் பேர் வருவாங்க போல. நான் இப்பவே வரிசையா போட்டு வச்சுடட்டுமாம்மா?" என்றார்.

தாளை அவர் கைக்கு எட்டாமல் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். "வேணாம் சார். ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றேன். முதல் ஆள் படியேறி வந்தார். அவர் நீட்டிய கால்குலேட்டரின் மூடியில், பாதி உரிந்து, ஒரு பழைய பச்சை ஸ்டிக்கர். அக்காவின் எழுத்து. மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெற்றியில் இருந்த எண்ணைப் படித்தேன்.